முதலில் முகம் ரோஸ் ஆகட்டும்

1994-ல் கும்பகோணத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டுடியோவில் ஒரே ஒரு கோட் இருந்தது. கறுப்பு கோட். வளைகுடாவுக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு வரன் பார்க்கப் படம் எடுக்க வருகிறவர்கள், மளிகைக்கடை முதலாளி, அவர் கணக்குப்பிள்ளை எல்லோரும் அந்த ஒரே கோட்டுக்குள்தான் போய் வந்தார்கள். ஒல்லியானவர் போட்டால் முதுகுப் பக்கம் துணி உலர்த்தும் கிளிப் நாலு மாட்டி இறுக்குவோம். பருமனானவர் என்றால் பொத்தான் போடாமல் முன்பக்கத்தை மட்டும் மேலே வைத்துக்கொள்ளச் சொல்லுவோம். டை என்பது எலாஸ்டிக் தைத்த ஒரு துண்டு. கழுத்தில் மாட்டி இழுத்துவிட்டால் முடிந்தது. உடையை மாற்றும் வேலையை நான் முதலில் கற்றுக்கொண்டது அந்தக் கிளிப்புகளோடுதான்.

2003-ல் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் போட்டோஷாப் 7. கோட்டை ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் தலையை அதன்மேல் பொருத்தினோம். துணிக் கோட் ஆணியில் தொங்கி அந்துப்பூச்சிக்கு இரையானது. கல்யாண ஆல்பங்களில் சேலையின் நிறத்தை மாற்றச் சொல்லி வருவார்கள். இறந்துபோன பாட்டியின் பழைய படத்தில் நூல் புடவையைப் பட்டாக்கித் தரச் சொல்லி வருவார்கள். இப்படி இருபது வருஷம் ஓடியது. கை தானாகச் செய்யும் அளவுக்கு வேலை பழகிவிட்டது. ஆனால் கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல முடியாது என்பது, ஒரு வீடியோவுக்குப் பின்னணிப் பேச்சு எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

கேட்டவர்கள் சின்னதாக ஒரு கற்பித்தல் சானல் நடத்தும் இரண்டு பையன்கள். "அண்ணே, ஒரு போட்டோவுல சட்டை கலர் மாத்துறத நாலு நிமிஷத்துல சொல்லித் தரணும். பாக்குறவங்க இதுக்கு முன்னாடி ஒரு தடவகூட எடிட் பண்ணினதில்லனு வச்சுக்கங்க" என்றார்கள். மென்பொருளையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். போட்டோபியா. இணைய உலாவியிலேயே திறந்துகொள்ளலாம், காசு கிடையாது, போட்டோஷாப் பழகியவன் கைக்கு அந்நியமாகவும் இருக்காது. நாலு நிமிஷம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் வரைவை ஒரே இரவில் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒன்பது நிமிஷம் வந்தது. லேயர் என்றால் என்ன என்று ஆரம்பித்து, செலக்‌ஷன் வகைகள், சட்டையின் விளிம்பைச் சுற்றித் தேர்ந்தெடுக்கும் முறை, அதை மென்மையாக்குவது என்று வரிசையாகச் சொல்லி, ஏழாவது நிமிஷத்தில்தான் நிறமே மாறியது. எனக்குக் கற்றுக்கொடுத்த முதலாளி அந்த வரிசையில்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் எனக்கு அவர் ஆறு மாதம் எடுத்துக்கொண்டார், சம்பளமும் கொடுத்தார்.

அந்த வரைவை எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒரு தேவை இருந்தது. தைத்து முடித்த ரவிக்கையைப் படமெடுத்து, இதே மாதிரி வேறு நிறத்தில் எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டும். மகனுடைய லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். நான் படிக்கப் படிக்க அவர் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

மூன்றாவது நிமிஷத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். "தம்பி, நீ எதுக்காக இந்தக் கோட்ட இழுக்கச் சொல்றனே எனக்குத் தெரியல" என்றார். சட்டையைச் சுற்றி ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று அவருக்கு எந்தத் தடயமும் இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடறலும் இருந்தது. மாஸ்க் என்பதை நல்ல தமிழில் சொல்கிறேன் என்று முகமூடி என்று எழுதியிருந்தேன். "சட்டைக்கு எதுக்குப்பா முகமூடி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் வீடியோவில் இல்லை.

அன்று இரவே வரைவைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதும்போது முதலில் பேச்சை எழுதவில்லை. படத்தைத் தேடினேன்.

இந்த வேலையில் பாதி, பயிற்சிப் படத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. முதல் தடவை செய்கிறவருக்கு வெள்ளைச் சட்டை கொடுக்கக் கூடாது. நம் ஊர் ஆண்கள் படத்தில் பத்துக்கு ஏழு வெள்ளைச் சட்டைதான், ஆனாலும் கூடாது. நிறத்தை மாற்றும் கருவி, ஏற்கெனவே இருக்கும் நிறத்தைத்தான் இன்னொன்றாகத் திருப்பும். வெள்ளையில் திருப்ப எதுவும் இல்லை. பட்டையை எந்தக் கோடிக்கு இழுத்தாலும் சட்டை வெள்ளையாகவே நிற்கும். தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார். கறுப்பும் அப்படியே. சிவப்பு, ஆரஞ்சு, காவி நிறங்களில் வேறு சிக்கல். நம் தோலின் நிறம் வெளுப்போ கறுப்போ, வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சுக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. சட்டையும் அங்கேயே இருந்தால் கழுத்தில் தூரிகை சிந்தியதும் தெரியாது, சட்டையில் விட்டுப்போனதும் தெரியாது.

ஆகவே நடுத்தர நீலம். கட்டம், கோடு, பூ எதுவும் இல்லாத வெறும் நீலச் சட்டை, முழுக்கை. நீலம் தோலுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால் எல்லை கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். பையன்களில் ஒருவனையே அப்படி ஒரு சட்டையில் வேப்பமரத்தின் கீழே நிறுத்தி, நிழலில், கைகள் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கும்படி எடுத்தேன். நேர் வெயிலில் எடுத்தால் மடிப்புகள் கறுத்துப்போகும், தோள்பட்டை வெளுத்துப்போகும். அந்த இரண்டு இடத்திலும் நிறம் ஏறாது.

படத்தை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பாமல், டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அப்படிச் சுருக்கும்போது வெளிச்சத்தைவிட நிறத்தைத்தான் அதிகம் விட்டுக்கொடுக்கிறது. சட்டை நீலம் விளிம்பைத் தாண்டிக் கழுத்தில் கசிந்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தை மாற்றியதும் கழுத்தைச் சுற்றிப் பழைய நீலத்தில் ஒரு மெல்லிய வளையமாகத் தெரியும்.

அடுத்ததாக வரிசையைத் தலைகீழாக்கினேன். கோட்டை எதற்கு இழுக்கிறோம் என்று அக்கா கேட்டாரே, அந்தக் கேள்வி பார்க்கிறவர் மனதில் முதலில் எழ வேண்டும். அதற்கு ஒரே வழி, எதையும் தேர்ந்தெடுக்காமல் முழுப் படத்தின் நிறத்தையும் மாற்றிவிடுவது. புதுப் பேச்சு இப்படித் தொடங்குகிறது:

"படம் திரையில் இருக்கிறது. மேலே வரிசையாக இருக்கும் சொற்களில் Layer என்பதை க்ளிக் செய்யுங்கள். விரியும் பட்டியலில் New Adjustment Layer. அதற்குள் Hue/Saturation. ஹெச் எழுத்தில் தொடங்கும் சொல். இப்போது ஒரு சின்னப் பெட்டி திறந்திருக்கும், உள்ளே மூன்று பட்டைகள். முதல் பட்டையை இடது பக்கமாக, எண் மைனஸ் 65 வரும்வரை இழுங்கள். சட்டை பச்சையாகிவிட்டதா? முகத்தையும் பாருங்கள். முகம் ரோஸ் நிறமாகியிருக்கும். பின்னால் மரம் காவியாகியிருக்கும். பயப்பட வேண்டாம், சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்."

மைனஸ் 65 என்ற எண்ணைக் கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். இந்தக் கருவி நிறங்களை 360 பாகையாகப் பிரித்த ஒரு வட்டமாகப் பார்க்கிறது. எங்கள் நீலச் சட்டை ஏறக்குறைய 215-ல் இருந்தது. அதில் 65 கழித்தால் 150, பாட்டில் பச்சைக்குப் பக்கம். முகம் 20-ஐ ஒட்டி இருந்தது. அதிலும் 65 கழியும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய், வட்டமாகச் சுற்றி 315-ல் வந்து நிற்கும். அது ரோஸ். வேப்பிலை 100-லிருந்து 35-க்கு வரும். அது காவி. படத்தில் இருக்கும் எல்லாமே ஒரே அளவு சுழல்கின்றன. இதையெல்லாம் பேச்சில் சொல்லவில்லை. ஆனால் முகம் ரோஸாகும், மரம் காவியாகும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இந்தக் கணக்குதான் தைரியம் கொடுத்தது.

மஞ்சளுக்கு மாற்றிக் காட்டினால் அழகாக இருக்கும் என்று பையன்கள் கேட்டார்கள். செய்து காட்டினேன். நீலத்தின் அழுத்தத்தை வைத்துக்கொண்டு மஞ்சளாக மாறினால், சாணம் கரைத்த மாதிரி ஒரு மங்கல் நிறம் வரும். மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம். அதை இருட்டாக்கினால் அது மஞ்சளாக இருப்பதில்லை. அழுத்தமான நீலத்திலிருந்து அழுத்தமான பச்சைக்கோ அரக்குக்கோ போகலாம். முதல் பாடத்தில் அந்த எல்லைக்குள் நிற்பது நல்லது.

புது வரைவைப் படித்துக் காட்டியபோது, முகம் ரோஸானதும் அக்கா சிரித்தார். அதுவரை ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், லேப்டாப்பை நோக்கிக் குனிந்தார். "மூஞ்சிய மட்டும் பழையபடி ஆக்கணும், அவ்வளவுதான?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் வரிசையை மாற்றினேன். மாஸ்க் என்பதற்கான தேவை இப்போது அவருடையதாகிவிட்டது.

மாஸ்க்கை எப்படிச் சொல்வது என்பதையும் அவரே தீர்த்து வைத்தார். வெள்ளையாக இருக்கும் இடத்தில் மாற்றம் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் தெரியாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் ஆரி வேலை மேசையைக் காட்டினார். ரவிக்கையில் பூ வேலை செய்யுமுன் ட்ரேசிங் தாளில் கோலத்தை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளை போடுவார்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால், துளை உள்ள இடத்தில் மட்டும் கீழே இறங்கும். "துளை போட்ட எடத்துல பொடி எறங்கும், மத்த எடத்துல எறங்காது. அந்த மாதிரியா தம்பி?" என்றார். அந்த மாதிரியேதான். முகமூடியை எடுத்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன்:

"வலது பக்கம் லேயர் பட்டியலைப் பாருங்கள். புதிதாக வந்த லேயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கும். இதற்குப் பெயர் மாஸ்க். படத்தின்மேல் வைத்த ஒரு தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, துளை போட்ட இடம். அதன் வழியாகப் புது நிறம் இறங்கும். கறுப்பு, துளை இல்லாத இடம். அங்கே இறங்காது. இப்போது தாள் முழுவதும் துளை. அதனால்தான் முகத்திலும் இறங்கிவிட்டது. அந்தக் கட்டத்தை ஒருமுறை க்ளிக் செய்யுங்கள். கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு ஐ எழுத்தைத் தட்டுங்கள். கட்டம் கறுப்பாகிவிடும். படம் பழையபடி ஆகிவிடும்."

இங்கே தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும். சட்டையைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் Quick Selection இருக்கிறதே, ஏன் அதைத் தவிர்த்தாய்? அந்தக் கருவி எங்கள் போட்டோஷாப் 7-ல் கிடையாது. 2007-ல் CS3 பதிப்போடுதான் வந்தது. வந்தபோது நாங்கள் கொண்டாடினோம். ஆனால் அது எந்த இடத்தில் தவறும் என்று புதியவரால் கணிக்க முடியாது. கைக்கும் உடம்புக்கும் நடுவில் தெரியும் இலையையும் சேர்த்துக்கொள்ளும், காலரின் நிழலை விட்டுவிடும். தூரிகை அப்படி இல்லை. நாம் போன இடத்துக்குத்தான் போகும். தவறு நடந்தால் அது நம் கையின் தவறு என்று தெரிகிறது, திருத்தவும் தெரிகிறது.

தூரிகைக்கான பகுதிதான் பேச்சில் நீளமானது. எழுதியதைவிட அடித்தது அதிகம். கடைசியில் நின்றது இது:

"பி எழுத்தைத் தட்டுங்கள். தூரிகை வந்துவிடும். இடது ஓரத்தில், கருவிகளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நிறக் கட்டங்கள் தெரியும். மேலே இருப்பது வெள்ளையாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் எக்ஸ் எழுத்தைத் தட்டுங்கள், இடம் மாறிக்கொள்ளும். இப்போது சட்டையின் நடுவில், நெஞ்சுப் பக்கம் தேயுங்கள். தேய்த்த இடம் பச்சையாகும். நடுவில் பெரிய தூரிகை, ஓரத்தில் சிறிய தூரிகை. சதுர அடைப்புக்குறி இரண்டில், முதலாவது தூரிகையைச் சிறிதாக்கும், அடுத்தது பெரிதாக்கும். காலருக்கு வரும்போது படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கழுத்தில் பட்டுவிட்டால் எக்ஸ் தட்டி, பட்ட இடத்தில் மறுபடி தேயுங்கள். தோல் திரும்ப வந்துவிடும். மறுபடி எக்ஸ் தட்டுங்கள், வெள்ளை மேலே வந்துவிடும். வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, சட்டை முழுவதையும் முடித்துவிட்டு வாருங்கள்."

இந்தப் பத்தியில் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு அடையாளம் இருக்கிறது. தூரிகை வந்துவிடும். தேய்த்த இடம் பச்சையாகும். தோல் திரும்ப வந்துவிடும். இதைச் செய் என்று மட்டும் சொன்னால், செய்ததா இல்லையா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அக்கா ஒவ்வொரு க்ளிக்குக்குப் பிறகும் என் முகத்தைப் பார்ப்பார், சரியா என்று. வீடியோவில் என் முகம் இருக்காது. அந்தப் பார்வைக்கான பதிலைப் பேச்சிலேயே வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எழுதியதையெல்லாம் திரும்பப் பார்த்து, அடையாளம் இல்லாத வேலைகளுக்கு அடையாளம் சேர்த்தேன். அடையாளம் சொல்ல முடியாத இரண்டு வேலைகளை எடுத்தே விட்டேன். அவை இல்லாமலும் சட்டை பச்சையானது.

இன்னொன்று, சொல்லின் வரிசை. முதல் வரைவில் "க்ளிக் செய்யுங்கள், மேலே உள்ள Layer என்ற சொல்லை" என்கிற மாதிரி வாக்கியங்கள் இருந்தன. ஆங்கில வீடியோக்களைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். அக்கா முதல் சொல்லைக் கேட்டதுமே எதையோ க்ளிக் செய்துவிடுவார். எதை என்று நான் சொல்வதற்குள் வேறு ஒரு பட்டியல் திறந்திருக்கும். நம் மொழியில் வினை கடைசியில் வருவது இதற்கு எவ்வளவு வசதி! இடத்தைச் சொல், பொருளைச் சொல், பிறகு வேலையைச் சொல். கண் இடத்துக்குப் போய், பொருளைக் கண்டுபிடித்து, விரல் தயாராக இருக்கும்போது வேலை வந்து சேரும். "இங்கே", "இதை" என்ற சொற்களையும் பெரும்பாலும் எடுத்துவிட்டேன். கேட்கிறவர் அந்த நேரம் நம் வீடியோவைப் பார்ப்பதில்லை. செல்பேசியில் வீடியோ ஓடும், கண் தன் கம்ப்யூட்டரில் இருக்கும். காதுக்கு "இங்கே" என்பது எங்கேயும் இல்லை.

திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களை மொழிபெயர்க்கவில்லை. தேட வேண்டியது அந்த எழுத்துகளைத்தானே. Hue என்பதை நான் ஹியூ என்று சொன்னபோது, அக்கா ஒய் எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடினார். அதனால் ஹெச் எழுத்தில் தொடங்கும் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்ந்தது.

தேய்த்து முடித்த பிறகு சரிபார்ப்பு. முடித்துவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கும் சட்டையில் எப்போதும் ஐந்தாறு இடம் விட்டுப்போயிருக்கும். அக்குள், காலரின் உள்பக்கம், கைப்பட்டையின் மடிப்பு. அவற்றைக் கண்டுபிடிக்க ஸ்டுடியோவில் நாங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம்:

"மறுபடி அந்தச் சின்னப் பெட்டிக்கு வாருங்கள். மூடியிருந்தால் லேயரின் சின்னத்தை இருமுறை க்ளிக் செய்தால் திறக்கும். இரண்டாவது பட்டை Saturation. அதை வலது கோடிக்கு இழுங்கள். சட்டை கண்ணைக் குத்தும் பச்சையாகும். அதில் நீலத் திட்டு தெரிந்தால், அது விட்டுப்போன இடம். கழுத்திலோ கையிலோ ரோஸ் திட்டு தெரிந்தால், அது சிந்திய இடம். இரண்டையும் திருத்திவிட்டு, பட்டையை மைனஸ் 15-க்குக் கொண்டுவாருங்கள்."

மைனஸ் 15 எதற்கு என்றால், நிஜத் துணி அவ்வளவு பளீரென்று இருக்காது. நிறம் மாற்றிய சட்டை பொய் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கூடுதல் பளபளப்புதான்.

பொத்தான்களைப் பற்றி அக்கா கேட்டார். தையல்காரர் கண் அங்கேதான் போகும். வெள்ளைப் பொத்தான்மேலும் தூரிகை போய்விட்டதே, அதை ஏன் திருத்தச் சொல்லவில்லை? திருத்த வேண்டியதில்லை. வெள்ளையில் திருப்ப நிறம் இல்லை என்பது இங்கே நமக்குச் சாதகம். பொத்தான் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அதே பெட்டியில் Colorize என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. ஆர்வத்தில் அதை டிக் செய்துவிட்டால், இருக்கும் நிறத்தைத் திருப்புவதற்குப் பதிலாக எல்லாவற்றின்மேலும் ஒரே சாயத்தை ஏற்றிவிடும். பொத்தானிலும் அந்தச் சாயம் ஏறும். பையன்கள் ஒருமுறை அதை டிக் செய்துவிட்டு, ஏன் படம் தட்டையாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பொத்தானைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

தெரிந்தும் வீடியோவில் சேர்க்காத ஒரு குறை இருக்கிறது. நிழலில் நிற்கிறவரின் சட்டை நிறம், மெல்லியதாகத் தாடையின் அடிப்பக்கத்தில் படிந்திருக்கும். சட்டை பச்சையான பிறகும் தாடையில் பழைய நீலச் சாயை நிற்கும். கல்யாண ஆல்பத்தில் அதை விடமாட்டோம். அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு லேயர் போட்டு நீலத்தைக் குறைப்போம். முதல் தடவை செய்கிறவரிடம் அதைச் சொன்னால், அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பார், சட்டையைப் பார்க்க மாட்டார். விட்டுவிட்டேன். முதலாளி இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

சேலையையும் சேர்க்கவில்லை. அதற்கு அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். நீல உடலும் ஜரிகைக் கரையும் உள்ள சேலையில் இதே மைனஸ் 65-ஐப் போட்டால், உடல் பச்சையாகும்போது ஜரிகையும் சேர்ந்து சுழன்று ரோஸாகிவிடும். கரையை அணு அணுவாக விலக்கித் தேய்க்க வேண்டும். மடிப்பில் கரை உள்ளே மடங்கிப் போகும் இடங்களும் இருக்கும். அது ஒரு மணி நேர வேலை. வெள்ளைச் சட்டைக்கும் தனி வழி உண்டு. அதன்மேல் ஒரே நிறத்தில் ஒரு லேயரைப் போட்டு, அதை Multiply என்ற கலப்பு முறைக்கு மாற்றினால், வெள்ளையில் சாயம் ஏறி, மடிப்பின் நிழல் அப்படியே நிற்கும். கறுப்புக்கு அதுவும் உதவாது. இவை இரண்டாவது, மூன்றாவது வீடியோவுக்கு என்று குறித்து வைத்தேன்.

கடைசிப் பகுதி சேமிப்பது. அதில் ஒரே ஒரு எச்சரிக்கை:

"முதலில் File பட்டியலில் Save as PSD. இது உங்களுக்கு. நாளைக்கு அரக்கு நிறம் வேண்டும் என்றால் இதைத் திறந்து பட்டையை இழுத்தால் போதும், மறுபடி தேய்க்க வேண்டாம். பிறகு அதே பட்டியலில் Export as, அதற்குள் JPG. இது மற்றவர்களுக்கு அனுப்ப."

இந்த வரியை முதலில் சேமிப்பு முறைகளைப் பற்றிய ஒரு பத்தியாகத்தான் எழுதியிருந்தேன். JPG மட்டும் சேமித்துவிட்டு மறுநாள் வேறு நிறம் கேட்டு வந்த வாடிக்கையாளருக்காக ஒரு சேலையை முழுவதும் மறுபடி தேய்த்த இரவு எனக்கு உண்டு. அந்தக் கதையைச் சொல்ல ஆசைதான். நேரம் இல்லை.

பதிவு என் வீட்டு உள்ளறையில் நடந்தது. மின்விசிறியை நிறுத்தி, கட்டிலில் மெத்தையைச் சாய்த்து நிறுத்தி, அதைப் பார்த்து உட்கார்ந்து பேசினேன். வெறும் சுவரைப் பார்த்துப் பேசினால் குரல் குளியலறையிலிருந்து வருவதுபோல இருக்கும். முதலில் திரையில் வேலையைப் பதிவு செய்துவிட்டு அதற்கேற்பப் பேச முயன்றேன். என் கை என் வாயைத் துரத்தியது. இருபது வருஷக் கை அல்லவா, மூன்று விநாடியில் நாலு க்ளிக் முடித்துவிடுகிறது. பிறகு மாற்றினேன். முதலில் குரல், அக்காவின் வேகத்தில். அடுத்து அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, அது சொல்கிறபடி மட்டும் கையை நகர்த்தினேன். "க்ளிக் செய்யுங்கள்" என்று என் குரல் சொல்லி முடிக்கும்வரை நான் க்ளிக் செய்யக் கூடாது என்பது விதி. ஆறு தடவை மீறினேன். ஏழாவது தடவை சரியாக வந்தது.

அக்கா கடைசி வடிவத்தை நான் பக்கத்தில் இல்லாமல் பார்த்தார். சாயங்காலம் கடைக்குப் போனபோது லேப்டாப்பில் பையனின் சட்டை பச்சையாக இருந்தது. இடது கைப்பட்டையில் ஒரு நீலத் திட்டு விட்டுப்போயிருந்தது. நான் சொல்லுமுன் அவரே சொன்னார்: "அந்தப் பட்டைய வலது கோடிக்கு இழுக்க மறந்துட்டேன் தம்பி. நாளைக்கு இழுத்துப் பாத்துக்குறேன்."

வீடியோவின் நீளம் 4 நிமிடம் 10 விநாடி. பேச்சில் ஏறக்குறைய 300 சொற்கள். அதில் நான் ஒன்றும் பேசாமல் இருக்கும் நேரம் மட்டும் 70 விநாடி.